விழா வாசகத்தில் குறள் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பேனர், பத்திரிகை, ஸ்டேட்டஸில் போடும் படம் எதுவானாலும் எங்கள் கடையில் வாசகம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. காதணி விழா, பட்டமளிப்பு, புதுமனை, பணி நிறைவு, அறுபதாம் கல்யாணம் என்று வருகிறவர்களில் பலர் "மேலே ஒரு குறள் போட்டுடுங்க" என்பார்கள். எந்தக் குறள் என்றால், "நல்லதா ஒண்ணு." அடித்துக் கொடுத்த பிறகு வீட்டில் யாராவது படித்துவிட்டு, ஏதோ உறுத்துகிறது என்று திரும்பக் கொண்டுவருவார்கள். என்ன உறுத்துகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அந்த உறுத்தல் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. குறள் முழுசாக, அதன் எண்ணோடு கையில் இருக்கட்டும். எண் தெரிந்தால் அதிகாரம் தெரியும். ஓர் அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால் 61 முதல் 70 வரை ஏழாவது அதிகாரமான மக்கட்பேறு, 221 முதல் 230 வரை இருபத்து மூன்றாவதான ஈகை. எண்ணும் அதிகாரமும் ஒத்துப் போகவில்லையென்றால் யாரோ தவறாக ஃபார்வர்டு செய்த குறள் அது, அல்லது குறளே இல்லை. "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்பதைக் குறள் என்று எழுதிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அது கொன்றை வேந்தன்.

## அறிகுறி: வாழ்த்து மாதிரி தொடங்கி வசவு மாதிரி முடிகிறது

முதலாம் ஆண்டு பிறந்தநாள் பேனருக்கு அடிக்கடி கேட்கப்படும் குறள் இது (236):

தோன்றின் புகழொடு தோன்றுக அஃதிலார்
தோன்றலின் தோன்றாமை நன்று.

முதல் மூன்று சொல்லைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மீதி, புகழ் இல்லாதவர் தோன்றாமல் இருப்பதே நல்லது என்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் படத்துக்கு மேலே அது நிற்கிறது. கேக் வெட்டும் இடத்தில் தாத்தா அதை உரக்கப் படித்துப் பாதியில் நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: முதல் அடியைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாம் அடியை மட்டும் படியுங்கள். விழா நாயகரைப் பார்த்து அதை நேரில் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்தக் குறள் வேண்டாம். குறளில் பாதிக்குப் பாதி எதிர்மறையோ நிபந்தனையோ இருக்கும். 'ஆயின்', 'பெறின்', 'இன்றேல்', 'அஃதிலார்' மாதிரிச் சொற்கள் கண்ணில் பட்டால் நின்று படிக்க வேண்டும். நிபந்தனை இருப்பதாலேயே குறள் கெட்டதாகிவிடாது. "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" (45) திருமண நாளில் நன்றாகவே நிற்கிறது, ஏனென்றால் அன்றைக்கு அந்த 'ஆயின்' ஒரு வாக்குறுதி.

"அப்போ முதல் பாதி மட்டும் போடலாமா?" பாதி தனியாகவே ஒரு முழுப் பொருள் தருமானால் போடலாம். "முயற்சி திருவினை ஆக்கும்" (616) தனியாக நிற்கும். ஆனால் குழந்தை படத்துக்கு "குழல் இனிது யாழ் இனிது" என்று மட்டும் போடுவதைப் பார்க்கிறேன். குறள் 66 சொல்வது இது:

குழலினிது யாழினிது என்பதம் மக்கள்
மழலைச்சொல் கேளா தவர்.

குழல் இனிது, யாழ் இனிது என்பவர்கள் பிள்ளையின் மழலையைக் கேட்காதவர்கள். பாதியில் வெட்டினால் வள்ளுவர் மறுத்த கட்சியை அவர் வாயாலேயே பேச வைத்தது மாதிரி ஆகிவிடும்.

மாற்று: ஒரு வயதுக் குழந்தைக்கு மக்கட்பேறு அதிகாரத்திலேயே தேடுங்கள், ஆனால் கையில் இருக்கும் படத்தைப் பார்த்துத் தேடுங்கள். குழந்தை தட்டில் கைவிட்டு முகமெல்லாம் பருப்புச்சோறு அப்பிக்கொண்ட படமா? "அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள் சிறுகை அளாவிய கூழ்" (64). 'அளாவிய' என்றால் துழாவிய. அந்தக் குறளும் அந்தப் படமும் ஒன்றையேதான் சொல்கின்றன, கீழே விளக்கம் எழுத வேண்டியதில்லை. பட்டுப்பாவாடை கட்டி ஸ்டூடியோவில் உட்கார வைத்த படத்துக்கு அதே குறளைப் போட்டால் ஒட்டாது.

## அறிகுறி: குறள் சரி, சொல்கிறவர் சரியில்லை

மகன் பட்டம் வாங்கிய படத்தை அப்பா ஸ்டேட்டஸில் போடுகிறார், கூடவே குறள் 70:

மகன்தந்தைக்கு ஆற்றும் உதவி இவன்தந்தை
என்நோற்றான் கொல்எனும் சொல்.

இவன் அப்பா என்ன தவம் செய்தானோ என்று ஊர் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அப்பாவே போட்டால் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிற மாதிரி. மகன் போட்டாலும் அதே கதைதான். பெரியப்பாவோ மாமாவோ பெயர் போட்டு வாழ்த்தினால் அதே குறள் கச்சிதமாக உட்காரும். பல தடவை குறளை மாற்றாமல் கீழே இருக்கும் பெயரை மாற்றி இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கிறேன். இருப்பதில் சுலபமான வைத்தியம் அதுதான்.

பெண்ணுக்குப் போடும்போது: "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்" (69) என்பதை 'தன்மகளை' என்று மாற்றித் தரச் சொல்வார்கள். ஆசை புரிகிறது. ஆனால் மேற்கோளுக்குள் கைவைத்துவிட்டுக் கீழே 'திருக்குறள்' என்று போட முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. அதே அதிகாரத்தில் 'மக்கள்' என்று பொதுவாகச் சொல்லும் குறள்கள் இருக்கின்றன. பட்டமளிப்புக்கு 68:

தம்மின்தம் மக்கள் அறிவுடைமை மாநிலத்து
மன்னுயிர்க் கெல்லாம் இனிது.

பிள்ளைகளின் அறிவு பெற்றவர்களைவிட உலகத்துக்கு அதிக இனிமை. மகள் நர்சிங் முடித்திருந்தால் "திங்கட்கிழமை முதல் வார்டில் இருப்பாள்" என்று கீழே ஒரு வரி போதும். 'மன்னுயிர்' என்ற சொல்லுக்கு வேலை வந்துவிடும்.

செலவு கூடிய தவறு: கல்யாணப் பத்திரிகையில் குறுந்தொகை 40. "யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்" என்று தொடங்கி, செம்புலத்தில் பெய்த நீர் போல நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும் பாட்டு. என் அம்மாவும் உன் அம்மாவும் யார் யாரோ, என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த வகையில் உறவு என்று கேட்கிறது. முன்பின் தெரியாமல் இருந்து சேர்ந்த காதலியிடம் காதலன் சொல்வது அது. ஒரு வீட்டில் அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்த பிறகு பாட்டியிடம் படித்துக் காட்டி அர்த்தமும் சொன்னார்கள். "எம்முறைக் கேளிரா? என் மகளும் மகனும்தான்டா, தெரியாதா உனக்கு" என்றாராம். அந்தப் பத்திரிகையை மறுபடி அடித்தோம். வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி, காதலித்து வீட்டில் சம்மதம் வாங்கியவர்கள் என்றால் அந்தப் பாட்டைப்போல ஒன்று கிடைக்காது. முறைப்பெண் கல்யாணத்துக்கு வேண்டாம்.

## அறிகுறி: பழைய சொல்லுக்கு இன்றைய அர்த்தம் ஒட்டிக்கொள்கிறது

பணி நிறைவுக்கு ஒருவர் கேட்டது: "தூங்குக தூங்கிச் செயற்பால" (672). இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்ற நினைப்பு. குறளில் தூங்குதல் என்றால் காலம் தாழ்த்துதல். மெதுவாகச் செய்ய வேண்டியதை மெதுவாகச் செய், உடனே செய்ய வேண்டியதைத் தள்ளிப் போடாதே என்கிறது. முப்பது வருஷம் கோப்பு பார்த்தவருக்கு வழியனுப்பும்போது இதைப் போட்டால், தமிழ் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தாலும் குத்திக் காட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இதற்குச் சோதனை சுலபம். குறளில் இன்றும் புழங்குகிற சொல் எது என்று பார்த்து, அதற்கு மட்டும் உரையைத் திறந்து பாருங்கள். தெரியாத சொல்லால் ஆபத்து இல்லை, யாரும் அர்த்தம் கேட்டுக்கொள்வார்கள். தெரிந்தது போலத் தெரிகிற சொல்தான் கவிழ்க்கும்.

## அறிகுறி: பார்த்தவுடன் வேறு ஏதோ விழா நினைவுக்கு வருகிறது

இதற்கு ஒரு வேலையை முழுசாகவே சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாக் கோளாறும் அதில் ஒரு சுற்று வந்து போயின.

ஒரு பள்ளியில் சத்துணவு சமையலராக இருந்த அம்மா ஓய்வு பெறுகிறார். 31 வருஷம் ஒரே அடுப்படி. பழைய மாணவர்கள் காசு போட்டுப் பேனர் வைக்கிறார்கள். அவர்கள் எழுதிக் கொண்டுவந்தது குறள் 50:

வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும்
தெய்வத்துள் வைக்கப் படும்.

நான் அடிப்பதற்கு முன்பே கடைப் பையன் கேட்டுவிட்டான், "அண்ணே, எப்போ இறந்தாங்க?" எங்கள் பக்கம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் திரும்பத் திரும்ப வரும் குறள் அது. பொருள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சுவரில் எந்த இடத்தில் ஒட்டிப் பழகியதோ அந்த வாடை அதில் இருக்கும். "நெருநல் உளனொருவன் இன்றில்லை" (336) பற்றிச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு 'வாழ்பவன்' ஆண்பால்.

சரி, சாப்பாடு சம்பந்தமாக ஏதாவது என்றார்கள். உடனே எல்லோர் வாயிலும் வந்தது "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே". புறநானூறு 18-இலும் மணிமேகலையிலும் வரும் வரி, பொருளும் சரி. ஆனால் அன்னதானப் பந்தலிலும் மெஸ் போர்டிலும் பார்த்துப் பார்த்துக் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. பேனரில் அந்த அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு பக்கத்துத் தெரு மெஸ்ஸின் பெயரைப் போட்டுப் பார்த்தோம். வாசகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் நான் எப்போதும் செய்கிற சோதனை: பெயரை மாற்றியும் வாசகம் அப்படியே நின்றால் அது வெறும் தோரணம்.

அடுத்து ஈகை அதிகாரம். 226, "அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி". பசி இருக்கிறது. ஆனால் இது பொருள் வைத்திருப்பவனுக்குச் சொன்னது, பசித்தவன் வயிறே உன் பணத்தைச் சேர்த்து வைக்கும் இடம் என்கிறது. சத்துணவு அம்மாவுக்கு ஏது சேர்த்து வைக்கப் பொருள்? அதற்கு முந்தைய குறளில் வேலை முடிந்தது, 225:

ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை
மாற்றுவார் ஆற்றலின் பின்.

தவம் செய்பவரின் வலிமை பசியைப் பொறுத்துக்கொள்வது. அந்த வலிமையும் பசியைப் போக்குகிறவரின் வலிமைக்குப் பின்னால்தான். காசைப் பற்றிப் பேச்சில்லை. 'மாற்றுவார்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மரியாதையும் அதிலேயே இருக்கிறது. இரண்டாம் அடியை மறைத்துப் படித்தாலும் முதல் அடியை மறைத்துப் படித்தாலும் யாரையும் குத்தவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. 'பசி ஆற்றல்' என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் பசியைத் தீர்ப்பது, 'பசியாறு' என்கிறோமே. குறளில் பசியைத் தாங்குவது. அப்படியே விட்டால் படிப்பவர் முதல் அடியே அந்த அம்மாவைப் பற்றியது என்று நினைத்து இரண்டாம் அடியில் குழம்புவார். அதனால் கீழே ஒரு வரி கண்டிப்பாக வேண்டும். உரையைக் காப்பியடிக்காமல் அவர்கள் அனுபவத்திலிருந்தே கேட்டேன்: அந்த அம்மாவைப் பற்றி என்ன ஞாபகம்? மூன்று பேர் மூன்று சொன்னார்கள். அன்பானவர், தாய் போன்றவர் என்று இரண்டு. மூன்றாவது ஆள், "முட்டை போடுற நாள்ல லீவு போட்டவனுக்கும் எடுத்து வெச்சிருப்பாங்க, அடுத்த நாள் திட்டு விழும், ஏன்டா நேத்து வரலேன்னு" என்றார். கடைசியில் பேனரில் வந்தது:

*31 வருஷம், ஒரே அடுப்பு. வராதவனையும் எண்ணித்தான் உலை வைத்தீர்கள்.*
*ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை*
*மாற்றுவார் ஆற்றலின் பின். (குறள் 225)*
*பசியைத் தாங்குவது பெரிது. எங்கள் பசியைத் தீர்த்தது அதைவிடப் பெரிது.*

முட்டையை நேராகப் போடவில்லை. எடுத்து வைத்ததை எழுதி யாராவது கணக்குக் கேட்டால் வம்பு. ஒருவர், "சம்பளத்துக்குத்தானே செஞ்சாங்க, ஈகைக் குறள் எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஈகை என்றால் கைப்பொருளைக் கொடுப்பது, அந்த அளவில் இது கொஞ்சம் இழுத்துப் பொருத்தியதுதான். ஆனால் குறள் அளப்பது பசியை மாற்றும் வலிமையை. இந்த அளவு இழுப்பு தாங்கும் என்று விட்டேன்.

## அறிகுறி: பழமொழி போட்டால் திட்டுவது போல இருக்கிறது

நம் பழமொழிகளில் பாதி திட்டுவதற்கென்றே பிறந்தவை. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பதை ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வேடிக்கையாகப் போடச் சொன்னவர் உண்டு. மச்சான் போட்டால் வேடிக்கை, மருமகன் போட்டால் வில்லங்கம். பழமொழியை எடுத்தால் கஷ்டத்தையும் ஒப்புக்கொண்டு எழுதுங்கள், அப்போது திட்டு சிரிப்பாக மாறும். "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" புதுமனைப் பத்திரிகையில் வெறுமனே நின்றால் அலங்காரம். "தளம் போட்டது ஒரு மழையில், பூச்சு முடிந்தது மூன்றாவது மழையில். கட்டிப் பார்த்துவிட்டோம், சாப்பிட வாருங்கள்" என்றால் கட்டியவர் குரல் கேட்கிறது. அரியர் எழுதி எழுதிப் பாஸ் ஆனவனுக்கு "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" போடலாம், எத்தனையாவது தடவை என்று அவனே சொல்லச் சம்மதித்தால்.

## அறிகுறி: எழுத்து சரி, படிக்க ஓடவில்லை

இது சின்ன வேலை. குறள் என்றால் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. டிசைனர் இடத்துக்கு ஏற்ப மூன்று வரியாக உடைத்திருப்பார், ஓசை போய்விடும். இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், அடியை உடைக்காதீர்கள். 'கேளா தவர்' என்று சீர் பிரித்துப் போடுவதா, 'கேளாதவர்' என்று சொல்லாகச் சேர்ப்பதா என்பது உங்கள் விருப்பம். குடும்ப விழாவுக்குச் சேர்த்துப் போடுவதே படிக்க நல்லது, ஆனால் ஒரே வாசகத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் அனுப்பினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பறக்கும். அதைக் கடையிலேயே மாற்றிக் கொடுப்பார்கள்.

## எப்போது தமிழாசிரியரைக் கூப்பிட வேண்டும்

ஸ்டேட்டஸ் தவறினால் அழிக்கலாம். ஃப்ளெக்ஸ் தவறினால் இன்னொன்று அடிக்கலாம். கிரானைட்டில் வெட்டப் போகிறீர்கள் என்றால், அது நினைவுக் கல்லோ பள்ளிக் கட்டடத் திறப்புக் கல்லோ, உளி தொடும் முன்பே ஒரு தமிழாசிரியரிடம் காட்டுங்கள். சங்கப் பாடல் எதுவானாலும் காட்டுங்கள். முழுப் பாட்டையும், யார் யாரிடம் சொல்கிறார் என்பதையும் அவர்தான் சொல்ல முடியும். உரையாசிரியர்கள் வேறு வேறாகப் பொருள் சொல்லும் குறள் என்றாலும் அப்படியே. மனைவியின் பிறந்தநாளுக்கு "தெய்வம் தொழாஅள்" (55) கேட்டு வருகிறவர்களை நான் இப்போதெல்லாம் நேராக ஆசிரியர் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன்.

போகும்போது குறளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். எந்த விழா, வாசகத்தின் கீழே யார் பெயர், எந்தப் படம், எதில் எழுதப் போகிறீர்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அவரும், "நல்ல குறள்தானே, போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.